டீச்சிங் நோட் திரும்பி வந்துவிட்டது: நோக்கமும் கேள்வியும் எங்கே பிசகின?

மதிவாணி

வணக்கம். ஒரு நிறுவனத்தின் நிலைமையைச் சொல்லி, மேலாண்மை வகுப்பில் விவாதிக்கக் கொடுக்கும் கேஸ் ஒன்றை ஆறு மாதம் உழைத்து எழுதினேன். அதை எப்படி நடத்துவது என்று பாடம் நடத்துகிறவருக்குச் சொல்லும் டீச்சிங் நோட்டும் சேர்த்து ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். கேஸைப் பற்றி மதிப்பாய்வாளர்கள் இருவருமே நல்லபடியாகச் சொல்லியிருக்கிறார்கள். நோட்டைத்தான் கிழித்துத் தொங்கவிட்டுவிட்டார்கள். "இந்தக் கேள்விகளுக்குக் கேஸைப் படிக்காமலேயே பதில் சொல்லிவிடலாம்" என்கிறார் ஒருவர். "நோக்கம் நிறைவேறியதா இல்லையா என்று பாடம் நடத்துகிறவருக்கு எப்படித் தெரியும்?" என்கிறார் மற்றவர்.

கேஸ் இதுதான். வால்வு செய்யும் சிறு நிறுவனம். ஆண்டுக்கு 1,00,000 வால்வு விற்கிறது. அதில் 60,000 ஒரே வாடிக்கையாளருக்குப் போகிறது. ஒரு வால்வின் விலை 100. பொருளும் கூலியும் சேர்ந்து வால்வுக்கு 70. வாடகை, மேற்பார்வைச் சம்பளம், இயந்திரத் தவணை எல்லாம் ஆண்டுக்கு 24 லட்சம். (பெயரையும் தொகைகளையும் மாற்றியிருக்கிறேன்.) பெரிய வாடிக்கையாளரிடமிருந்து கடிதம் வருகிறது: விலையில் 10 சதவீதம் குறையுங்கள், இல்லாவிட்டால் எங்கள் ஆர்டரில் பாதியை வேறு இடத்துக்குக் கொடுத்துவிடுவோம். விற்பனை மேலாளர் வெள்ளிக்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும். கேஸ் அங்கே முடிகிறது.

நான் எழுதிய நோக்கங்கள் ஏழு. மாதிரிக்கு மூன்று: விலை நிர்ணயத்தைப் புரிந்துகொள்ளுதல், ஒரே வாடிக்கையாளரைச் சார்ந்திருப்பதன் ஆபத்தை உணர்தல், பேச்சுவார்த்தையின் முக்கியத்துவத்தை அறிதல்.

கேள்விகள்: நிறுவனம் சந்திக்கும் சிக்கல் என்ன? நிறுவனத்தின் பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல்களைப் பட்டியலிடுக. மேலாளர் என்ன செய்ய வேண்டும்?

எங்கிருந்து திருத்தத் தொடங்குவது?

ஐந்தொகை

நான் கணக்கியல் எடுப்பவன். உங்கள் சிக்கல் வினைச்சொல்லில் இருக்கிறது. "புரிந்துகொள்ளுதல்", "உணர்தல்", "அறிதல்" எதையும் அளக்க முடியாது. கல்வி உளவியலாளர் புளூம் 1956-லேயே கற்றல் படிநிலைகளை வகுத்துக் கொடுத்துவிட்டார். 2001-ல் அதைத் திருத்தி, ஒவ்வொரு படியையும் வினைச்சொல்லாகவே மாற்றினார்கள். "கணக்கிடுவர்", "ஒப்பிடுவர்", "மதிப்பிடுவர்" என்று போடுங்கள், இரண்டாவது மதிப்பாய்வாளர் வாயை மூடிக்கொள்வார்.

இன்னொன்று. நோட்டில் விடை தெளிவாக இருக்க வேண்டும். உங்கள் கேஸில் விடை பளிச்சென்று தெரிகிறது. 24 லட்சத்தை 1,00,000 வால்வுக்குப் பிரித்தால் வால்வுக்கு 24. அதோடு 70-ஐச் சேர்த்தால் அடக்கவிலை 94. கேட்பது 90-க்கு. ஒவ்வொரு வால்விலும் 4 நட்டம். மறுக்க வேண்டியதுதான். அதை எழுதி முடித்துவிடுங்கள்.

முதலாண்டுமாணவன்

மேம், டீச்சிங் நோட் என்றால் கேஸுக்கான விடைத்தாள்தானே? எங்களுக்கு நாளை மறுநாள் ஒரு கேஸ் இருக்கிறது, அதன் நோட் எங்கே கிடைக்கும் என்று யாராவது சொல்ல முடியுமா?

இரவுவகுப்பு

தம்பி, அது உங்களுக்குக் கிடைக்கக் கூடாது என்பதற்காகத்தான் பாடம் நடத்துகிறவர்தானா என்று சரிபார்த்துவிட்டுக் கொடுக்கிறார்கள். கிடைத்தாலும் உதவாது. நல்ல நோட்டில் விடையைவிட, "மாணவர் இப்படிச் சொன்னால் அடுத்து இதைக் கேள்" என்பதுதான் அதிகம் இருக்கும். கேஸைப் படித்துவிட்டுப் போங்கள்.

கரும்பலகை

மதிவாணி, ஐந்தொகை சார் சொன்னதில் ஒரு பாதி உங்களுக்குப் பயன்படும். மறுபாதி, அவரே அறியாமல், அதைவிடப் பயன்படும். எப்படி என்று சொல்கிறேன்.

அவர் 94 என்று ஒரு கணக்குப் போட்டாரே, உங்கள் வகுப்பில் பாதிப் பேர் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டு வருவார்கள். அந்த 94 எங்கிருந்து வந்தது? 24 லட்சத்தை 1,00,000-ஆல் வகுத்ததால் வந்தது. மறுத்தால் 30,000 வால்வு கைவிட்டுப் போகிறது, மிஞ்சுவது 70,000. அப்போது அதே 24 லட்சத்தை 70,000-ஆல் வகுத்தால் வால்வுக்கு 34-க்குக் கொஞ்சம் மேல். அடக்கவிலை 104. இப்போது 100-க்கு விற்பதே நட்டம் என்று ஆகிறது. அப்படியானால் எல்லோரிடமும் விற்பதை நிறுத்திவிடலாமா? விற்கும் எண்ணிக்கையை வைத்து அடக்கவிலையைக் கண்டுபிடித்து, அந்த அடக்கவிலையை வைத்து எவ்வளவு விற்பது என்று முடிவு செய்தால், நாய் தன் வாலைத் துரத்துகிற கதைதான்.

நேர்வழிக் கணக்கு இது. இன்று விலை 100-இல் 70 போக, 1,00,000 வால்வுக்கு 30 வீதம் 30 லட்சம் நிற்கிறது, அதில் 24 லட்சம் போனால் லாபம் 6 லட்சம். விலையைக் குறைத்தால் பெரியவரிடம் 60,000-க்கு 20 வீதம் 12 லட்சம், மற்றவர்களிடம் 40,000-க்கு 30 வீதம் 12 லட்சம். மொத்தம் 24 லட்சம். லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. மறுத்தால் 70,000-க்கு 30 வீதம் 21 லட்சம். 3 லட்சம் நட்டம். ஆக, அடக்கவிலைக் கணக்கு மறுக்கச் சொல்கிறது, நேர்வழிக் கணக்கு ஏற்கச் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவே நிற்பது 3 லட்சம்.

உங்கள் கேஸில் இருக்கும் புதையல் இதுதான். ஆனால் ஏழு நோக்கத்தில் ஒன்றுகூட இதைத் தொடவில்லை. "விலை நிர்ணயத்தைப் புரிந்துகொள்ளுதல்" என்பது எந்த விலைக் கேஸுக்கும் ஒட்டுகிற சீட்டு. வினைச்சொல்லை மாற்றி "விலை நிர்ணயத்தை மதிப்பிடுவர்" என்று எழுதினாலும் அதே சீட்டுதான், மை மட்டும் புதிது. இந்தக் கேஸில், இந்த எண்களை வைத்து, வகுப்புக்குள் வரும்போது செய்யத் தெரியாத எதை வெளியே போகும்போது செய்வார்கள்? அதை எழுதுங்கள்.

எனக்குத் தோன்றும் முதல் நோக்கம்: "விலைக் குறைப்புக் கோரிக்கை வரும்போது, எடுக்கும் முடிவால் மாறும் செலவையும் மாறாத செலவையும் பிரித்து, ஏற்பதையும் மறுப்பதையும் ஒப்பிடுவர்." நிறைவேறியதா என்று எப்படித் தெரியும்? 94 என்று சொன்ன மாணவர், அடுத்த கால் மணியில் தானே அதைக் கைவிட்டால் நிறைவேறியது. கடைசி வரை 94-ஐப் பிடித்துத் தொங்கினால் இல்லை.

ஐந்தொகை

ஐயா, மாட்டிக்கொண்டேன், சரி. ஆனால் முழுதாக விட்டுக்கொடுக்க மாட்டேன். 24 லட்சம் மாறவே மாறாது என்று யார் சொன்னது? 30,000 வால்வு குறைந்தால் ஒரு ஷிப்டை மூடிவிடலாம். மேற்பார்வையாளர் சம்பளம் மிச்சம். கூடுதலாகப் பிடித்த கிடங்கை விட்டுவிட்டால் அந்த வாடகையும் மிச்சம். அப்படி 3 லட்சத்துக்கு மேல் மிச்சமானால் மறுப்பதுதானே மேல்?

கரும்பலகை

அப்படிப் போடுங்கள்! இதுவும் ஒரு நல்ல கேள்வி. நோட்டில் இருக்க வேண்டியது இந்தச் சண்டைதான். மதிவாணி, அந்த 24 லட்சம் எதெதனால் ஆனது என்று கேஸின் பின்னிணைப்பில் பிரித்துக் காட்டியிருக்கிறீர்களா? மொத்தத் தொகை மட்டும் இருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். நோட் கேட்கும் ஒவ்வொன்றுக்கும் கேஸில் ஏதாவது ஒரு பிடிமானம் இருக்க வேண்டும். நோட்டின் பதிலில் மட்டும் புதிதாக ஒரு தகவல் முளைத்தால், மதிப்பாய்வாளர் முதலில் அதில்தான் கைவைப்பார்.

மதிவாணி

பிரித்துக் காட்டவில்லை ஐயா. களக்குறிப்பில் இருக்கிறது, கேஸில் மொத்தமாகப் போட்டுவிட்டேன். சேர்க்கிறேன்.

சின்னச் சந்தேகம். நிறுவனம் எண்களை மறைக்கச் சொன்னதால் எல்லாத் தொகையையும் ஒரே எண்ணால் வகுத்திருக்கிறேன். பிரிக்கும்போதும் அதே எண்ணால் வகுத்தால் போதுமா?

கரும்பலகை

போதும். ஒரே எண்ணால் பெருக்கினாலும் வகுத்தாலும் விகிதங்கள் அப்படியே நிற்கும். அங்கங்கே கூட்டிக் கழித்து மறைத்தால்தான் கணக்கு சாயும். நான் பார்த்த ஒரு கேஸில் எழுதியவர் விற்பனையை மட்டும் மாற்றிவிட்டுச் செலவை மாற்ற மறந்திருந்தார். வகுப்பு முழுக்க அந்த நிறுவனத்தை மூடிவிடச் சொன்னது.

ஆலைக்காரன்

நான் ஆசிரியன் இல்லை, முப்பது வருடம் ஆலையில் இருந்தவன். எங்களுக்கும் இதே மாதிரிக் கடிதம் வந்தது. கணக்கெல்லாம் போட்டுப் பார்த்துக் குறைத்துக் கொடுத்தோம். நாலே மாதத்தில் மற்ற வாடிக்கையாளர்களுக்கு விஷயம் கசிந்தது. "அவருக்கு மட்டும் அந்த விலையா?" என்று ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். அதனால் சரியான விடை மறுப்பதுதான். வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுங்கள், மற்றதெல்லாம் காகிதக் கணக்கு.

இரவுவகுப்பு

சார், உங்களுக்கு நடந்தது உங்கள் வாடிக்கையாளர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறவர்களாக இருந்ததால். இவர் கேஸில் அவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்களாக இருக்கலாமே?

கரும்பலகை

ஆலைக்காரர் சொன்னதை விடையாக எடுக்காமல் கேள்வியாக எடுத்தால் அது தங்கம். மற்ற 40,000 வால்வுக்கும் 10 குறைத்தால் இன்னும் 4 லட்சம் போகும். ஏற்றது, கசிந்தது என்றால் 4 லட்சம் நட்டம். மறுத்தால் 3 லட்சம்தான். கசிந்தால் மறுப்பு மேல், கசியாவிட்டால் ஏற்பு மேல். எவ்வளவு கசிந்தால் இரண்டும் சமம்? 3 லட்சத்தைப் பத்தால் வகுத்தால் 30,000 வால்வு. அதாவது மற்றவர்கள் வாங்குவதில் முக்கால் பங்கு.

மறுபக்கமும் பாருங்கள். மறுத்துவிட்டுப் புது வாடிக்கையாளரைத் தேடினால், ஒரு வால்வுக்கு 30 நிற்கும்போது, 3 லட்சத்தை ஈடுகட்ட 10,000 வால்வு விற்றால் போதும். விற்பனைப் பிரிவு போன வருடம் புதிதாக எவ்வளவு பிடித்தது, கேஸில் இருக்கிறதா?

மதிவாணி

இருக்கிறது. 4,000.

கரும்பலகை

அப்படியென்றால் அதே வேகத்தில் போனால் 10,000 பிடிக்க இரண்டரை வருடம். அதுவரை தாக்குப்பிடிக்கக் கையில் பணம் இருக்கிறதா என்று அடுத்த கேள்வி தானாக வந்து நிற்கும்.

இரண்டாவது நோக்கம் இதிலிருந்து பிறக்கிறது: "தெரியாத ஒன்றைப் பற்றி ஊகிப்பதற்குப் பதிலாக, அது எந்த அளவைத் தாண்டினால் முடிவு மாறும் என்று கண்டுபிடித்து, அந்த அளவு எட்டக்கூடியதா என்பதைக் கேஸில் உள்ள சான்றுகளை வைத்து வாதிடுவர்." ஐந்தொகை சாரின் ஷிப்ட், ஆலைக்காரரின் கசிவு, புது வாடிக்கையாளர் மூன்றும் இந்த ஒரே நோக்கத்தின் கீழ் அடங்கிவிடும். ஏழு எதற்கு? ஒரு வகுப்பில் இரண்டு நோக்கம் உண்மையாகவே நடந்தால் பெரிய விஷயம்.

இரவுவகுப்பு

ஐயாவோடு இங்கே ஒத்துப்போக முடியவில்லை. நான் எடுப்பது வேலைக்குப் போய்விட்டு மாலையில் வருகிறவர்களுக்கு, மொத்தம் 50 நிமிடம். கணக்கு அவர்களுக்குச் சுலபமாக வந்துவிடும். கடிதத்துக்குப் பதில் எழுதுங்கள் என்றால்தான் தடுமாறுவார்கள். அந்த மேலாளர் வெள்ளிக்கிழமை செய்ய வேண்டிய வேலையும் அதுதானே? பதில் கடிதம் எழுதுவதை மூன்றாவது நோக்கமாக வைக்கலாம் என்பேன்.

கரும்பலகை

எழுத வைப்பதில் எனக்கு எதிர்ப்பு இல்லை. அதை நோக்கம் என்று போட்டால், எது நல்ல கடிதம், எது மோசமான கடிதம் என்று பிரிக்கும் அளவுகோலை நோட்டில் கொடுக்க வேண்டும். பேச்சுவார்த்தை பற்றிய பாடமும் சேர்ந்துவிடும். கேஸில் வாடிக்கையாளர் பக்கத்து நிலைமை இருக்கிறதா? அவருக்கு வேறு இடத்தில் அந்த வால்வு எந்த விலைக்குக் கிடைக்கும்? அது இல்லாமல் பேச்சுவார்த்தை நடத்தச் சொன்னால் ஆளுக்கொரு கற்பனை செய்வார்கள்.

மதிவாணி

அது இல்லை. அந்தப் பக்கத்தில் யாரையும் பேட்டி எடுக்க முடியவில்லை.

அப்படியானால் "பேச்சுவார்த்தையின் முக்கியத்துவம்" என்ற என் பழைய நோக்கத்தைக் கேஸே தாங்காது. அது வரைக்கும் புரிகிறது. கடிதத்தை முன்வேலையாக மட்டும் வைத்துக்கொள்கிறேனே?

கேள்விகளைத் திருத்திப் பார்த்தேன். முன்கூட்டியே மாணவர்களுக்குக் கொடுப்பவை:
1. ஏற்றால் லாபம் எவ்வளவு, மறுத்தால் எவ்வளவு என்று, மாறும் செலவை மட்டும் எடுத்துக் கணக்கிடுக.
2. மற்ற வாடிக்கையாளர்களுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்?
3. எத்தனை புது வால்வு விற்றால் இழப்பு ஈடாகும்?

கரும்பலகை

இது கேள்வி மாதிரி தெரியவில்லை அம்மா, கைபிடித்து அழைத்துப் போவது மாதிரி இருக்கிறது. "மாறும் செலவை மட்டும்" என்று எழுதிய அந்த நொடியிலேயே 94 செத்துப்போனது. பிறகு வகுப்பில் யார் அந்தத் தப்பைச் செய்வார்கள்? யாரும் செய்யாவிட்டால் முதல் நோக்கத்துக்கு வேலையே இல்லை. மாணவர் வீட்டில் படிப்பதற்குக் கொடுக்கும் கேள்வியும் வகுப்பில் நீங்கள் வாய்விட்டுக் கேட்கும் கேள்வியும் ஒன்றாக இருக்கக் கூடாது. முன்னது வாசலில் கொண்டுபோய் விட்டால் போதும்.

வீட்டுக்கு ஒரே கேள்வி கொடுப்பேன்: "வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டிய பதிலை ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். உங்கள் முடிவைத் தாங்கும் கணக்கை அதன் பின்பக்கத்தில் போடுங்கள்." இரவுவகுப்பு கேட்ட கடிதமும் இதில் வந்துவிட்டது.

வகுப்பில் முதல் கேள்வி, முகவுரை இல்லாமல்: "ஏற்பவர்கள் கை தூக்குங்கள். மறுப்பவர்கள்?" எண்ணிக்கையைப் பலகையின் ஓரத்தில் எழுதிவிடுங்கள், கடைசியில் வேண்டும். ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் 1920-களிலிருந்து கேஸ் நடத்துகிறார்கள். அங்கே முன்னறிவிப்பில்லாமல் ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்துத் தொடங்குவது வழக்கம். அது எல்லா வகுப்புக்கும் ஒத்துவராது. ஆனால் முதல் வாய் திறப்பவர் ஒரு பக்கம் சார்ந்தவராக இருக்க வேண்டும் என்பது எங்கும் ஒத்துவரும். "சிக்கல் என்ன?" என்று தொடங்கினால் கேஸின் கதையை ஒருவர் ஒப்பிப்பார், மற்றவர்கள் தூங்குவார்கள்.

பிறகு மறுத்தவர் ஒருவரிடம்: "ஏன்?" அவர் 94 என்பார். பலகையில் பெரிதாக எழுதுங்கள், திருத்தாதீர்கள். "மறுத்த பிறகு எத்தனை வால்வு விற்பீர்கள்? அப்போது இந்த 94 எவ்வளவு ஆகும்?" இந்த ஒரு கேள்விக்காகத்தான் மொத்த வகுப்பும். 104 என்று அவர் வாயிலிருந்தே வரும்போது அறை சட்டென்று அமைதியாகும். அப்போது நீங்கள் பேசிவிடாமல் இருக்க வேண்டும். எனக்கு அது கைவரவே பல வருடம் ஆனது.

இரவுவகுப்பு

யாருமே 94 சொல்லாவிட்டால்? என் வகுப்பில் கணக்காளர்கள் நிறைய. முதல் ஆளே சரியாகச் சொல்லிவிடுவார்.

கரும்பலகை

நோட்டில் அதற்கும் ஒரு கிளை எழுத வேண்டும். "உங்கள் முதலாளி அடக்கவிலை 94, இவர் கேட்பது 90 என்கிறார். அவருக்கு எப்படிப் புரியவைப்பீர்கள்?" என்று அந்தக் கணக்காளரையே கேளுங்கள். தெரிந்தவர் விளக்கத் திணறுவார், தெரியாதவர்களுக்கு அது பாடமாகும். இது முடிய அரை மணி ஆகலாம். உங்கள் 50 நிமிடத்தில் கசிவு பற்றிய விவாதத்துக்குக் கொஞ்சம்தான் மிஞ்சும். ஷிப்ட் கேள்வியை விட்டுவிடுங்கள். 80 நிமிடத்துக்கு எழுதிய நோட்டில் "நேரம் குறைவாக இருந்தால் இதை விடலாம்" என்று ஒரு வரி போட்டால், அதை எடுத்து நடத்துகிறவர் உங்களை வாழ்த்துவார்.

முதலாண்டுமாணவன்

இங்கே படித்துவிட்டு நானும் கணக்குப் போட்டேன். ஏற்கவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம், 5 சதவீதம் குறைக்கிறேன் என்று சொன்னால் 3 லட்சம் லாபம் வருகிறதே? ஏன் யாரும் அதைச் சொல்லவில்லை?

மதிவாணி

60,000-க்கு 25 வீதம் 15 லட்சம், 12 லட்சம் சேர்த்தால் 27. ஆமாம், 3 லட்சம் லாபம்!

ஐந்தொகை

தம்பி மொத்தக் கூடாரத்தையும் கலைத்துவிட்டான்.

மதிவாணி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். சோதனையாக ஒரு வகுப்பில் நடத்திப் பார்த்தேன். அந்தத் தம்பி சொன்னதுதான் நடந்தது. 40 பேரில் 6 பேர் ஏற்றார்கள், 5 பேர் மறுத்தார்கள், மீதி 29 பேர் "5 சதவீதம் தருகிறோம்" என்று நடுவில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். வாடிக்கையாளர் அதற்கு ஒப்புக்கொள்வாரா என்று கேட்டேன். "ஒப்புக்கொள்வார்" என்றார்கள். "ஏன்?" என்றால் யாரிடமும் பதில் இல்லை. சண்டையே வரவில்லை. 94 சொன்னவர் ஒரே ஒருவர். அவரிடம் 104 கேள்வியைக் கேட்டபோது மட்டும் ஐயா சொன்ன அமைதி வந்தது.

கரும்பலகை

நோட்டில் என்ன கோளாறு என்று சோதனை வகுப்புதான் காட்டும். எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால் கேஸில் சமநிலை இல்லை என்று அர்த்தம். எல்லோரும் நடுவில் உட்கார்ந்தால் தப்பிக்கக் கதவு திறந்திருக்கிறது. உண்மையில் அந்த மேலாளர் 5 சதவீதம் பேசிப்பார்த்தாரா?

மதிவாணி

பார்த்தார். களக்குறிப்பில் இருக்கிறது. முதல் கடிதத்துக்கு 5 சதவீதம் என்று பதில் போட்டார். "10, அல்லது பாதி ஆர்டர், வெள்ளிக்கிழமைக்குள்" என்று இரண்டாவது கடிதம் வந்தது. நான் கேஸை முதல் கடிதத்தோடு நிறுத்திவிட்டேன்.

கரும்பலகை

அப்படியானால் கேஸை இரண்டாவது கடிதத்தோடு நிறுத்துங்கள். வெள்ளிக்கிழமை கெடு உண்மையில் அந்தக் கடிதத்தில்தானே இருந்திருக்கிறது. நடந்ததை மாற்றவில்லை, எந்த இடத்தில் திரையைப் போடுவது என்பதை மட்டும் மாற்றுகிறீர்கள். நடுக்கதவு மேலாளராலேயே திறந்து பார்க்கப்பட்டு மூடப்பட்டதாகிவிடும். நடக்காத ஒன்றைச் சேர்த்து மூடியிருந்தால் நான் வேண்டாம் என்றிருப்பேன்.

ஆலைக்காரன்

கடைசியில் அந்த மேலாளர் என்ன செய்தார்? அதைச் சொல்லாமலே இத்தனை பேச்சு!

மதிவாணி

ஏற்றுக்கொண்டார். ஒன்றரை வருடம் ஆகியும் கசியவில்லை. பின்கதையாக நோட்டில் வைத்திருக்கிறேன், வகுப்பு முடிவில் சொல்வதற்காக.

ஆலைக்காரன்

எங்களுக்கு நாலு மாதத்தில் கசிந்தது. அவருக்கு அதிர்ஷ்டம்.

இரவுவகுப்பு

அதிர்ஷ்டம் என்று நீங்கள் சொன்னீர்கள் பாருங்கள், மாணவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். பின்கதையைச் சொன்னதும் "அப்போ ஏற்றதுதான் சரியான விடை" என்று குறித்துக்கொண்டு எழுந்து போவார்கள். இரண்டாவது நோக்கமே அதோடு போச்சு. நான் பின்கதையைச் சொல்வதே இல்லை.

கரும்பலகை

சொல்லாவிட்டால் மறுநாள் தேடிக் கண்டுபிடித்துவிடுவார்களே, அதற்கு நீங்களே சொல்வது மேல் என்பது என் எண்ணம்.

இரவுவகுப்பு

பெயர் மறைத்த நிறுவனத்தை எங்கே போய்த் தேடுவார்கள் ஐயா?

கரும்பலகை

அதுவும் சரிதான். இந்தக் கேஸுக்கு நீங்கள் சொல்வது பொருந்தலாம். நானாக இருந்தால் சொல்லிவிட்டு, ஓரத்தில் எழுதிவைத்த முதல் வாக்கெடுப்பைக் காட்டி, "அவர் மறுத்து, அடுத்த வருடமே 10,000 வால்வுக்கு ஆள் கிடைத்திருந்தால் உங்களில் யார் கட்சி மாறியிருப்பீர்கள்?" என்று கேட்பேன். மதிவாணிதான் முடிவு செய்ய வேண்டும்.

மதிவாணி

இரண்டு விதமாகவும் நடத்திப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். இப்போதைக்கு நோக்கம் இரண்டு, வீட்டுக் கேள்வி ஒன்று, வகுப்புக் கேள்விகள் ஐந்து. ஒவ்வொரு வகுப்புக் கேள்விக்குப் பக்கத்திலும் அது எந்த நோக்கத்துக்கு, கேஸில் எந்தப் பத்தி என்று குறித்துவிட்டேன். குறிக்கும்போதுதான் ஒன்று தெரிந்தது: ஐந்தாவது கேள்விக்கு எந்தப் பத்தியும் இல்லை. "இரண்டரை வருடம் தாக்குப்பிடிக்கப் பணம் இருக்கிறதா?" என்பதுதான் அது. கேஸில் ரொக்க இருப்பையே நான் போடவில்லை. நிறுவனத்திடம் மறுபடி அனுமதி கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன்.

ஐந்தொகை

கேட்கிறதோடு கேட்கிறதாக, பெரியவர் எத்தனை நாள் கடனில் வாங்குகிறார் என்றும் கேட்டு வையுங்கள் மேடம். 60 நாள் கடன், 90 நாள் கடன் என்றால் உங்கள் ஐந்தாவது கேள்வியின் கணக்கே வேறு.